பில்லில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு முகவரிகள்

சப்ளையர் அனுப்பும் பில்லை எந்தக் கணக்கில் எழுதினாலும் அவருக்குப் போய்ச் சேரும் தொகை மாறாது. பற்றும் வரவும் ஒத்துப்போகும். மென்பொருளும் சிவப்பு எழுத்தில் எதையும் காட்டாது. "எதிலாவது போடுங்கள், மொத்தம் ஒன்றுதானே" என்ற பேச்சு பல அலுவலகங்களில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

மொத்தம் ஒன்றுதான். ஆனால் அந்த வருட லாபம், ஒவ்வொரு துறைக்கும் ஆன செலவு, அடுத்த வருட பட்ஜெட் ஆகிய மூன்றும் எழுதிய இடத்தைப் பொறுத்து மாறிவிடும். தவறு உடனே கண்ணில் படாததால், பல மாதங்கள் கழித்து யாராவது "இந்தச் செலவு ஏன் இவ்வளவு?" என்று கேட்கும்போதுதான் வெளியே வரும்.

இந்த வேலையைக் கணக்குத் துறையில் 'கோடிங்' என்பார்கள். கணினி நிரல் எழுதுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பில்லில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் சரியான கணக்கு எண்ணையும் துறை எண்ணையும் போடுவதுதான் கோடிங். தமிழில் 'வரி' என்றால் எழுத்து வரியும் உண்டு, கட்டும் வரியும் உண்டு. குழப்பம் வராமலிருக்க, பில்லில் உள்ள ஒவ்வொரு வரிசையையும் இங்கே 'உருப்படி' என்றே சொல்கிறேன். 'வரி' என்று வந்தால் அது கட்டும் வரி.

## வீட்டுச் செலவு நோட்டு

வீட்டில் செலவு எழுதும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போய் மகளுக்கு ஒரு ஜோடி செருப்பு, அப்பாவுக்கு ஒரு மருந்து, வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கினீர்கள். மூன்றும் ஒரே கடை, ஒரே பில். நோட்டில் கடையின் பெயரையும் மொத்தத் தொகையையும் மட்டும் எழுதினால், மாதக் கடைசியில் "மருந்துக்கு எவ்வளவு ஆனது?" என்ற கேள்விக்கு நோட்டால் பதில் சொல்ல முடியாது. "மகளுக்கு எவ்வளவு ஆனது?" என்றாலும் அதே கதிதான்.

நோட்டில் இரண்டு கட்டங்கள் போட்டால் போதும். முதல் கட்டத்தில் என்ன வாங்கினோம், இரண்டாவதில் யாருக்காக. செருப்பு–மகள், மருந்து–அப்பா, பல்பு–வீடு. இப்போது இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும். கடையின் பெயர் இந்த இரண்டு கட்டங்களிலும் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் யாருக்குக் கொடுத்தோம் என்பது மூன்றாவது விஷயம். பணம் கொடுக்க அது தேவை, செலவைப் புரிந்துகொள்ள அது உதவாது.

## அலுவலகத்தில் அதே இரண்டு கட்டங்கள்

முதல் கட்டத்தின் பெயர் செலவுக் கணக்கு. செலவின் தன்மை என்ன என்பதை அது சொல்லும். பராமரிப்பா, பயிற்சியா, எழுதுபொருளா, வாடகையா என்பது அதில் தெரியும். ஒரு நிறுவனம் பயன்படுத்தும் எல்லாக் கணக்குகளின் எண்களும் பெயர்களும் அடங்கிய பட்டியலுக்குக் கணக்குப் பட்டியல் என்று பெயர். பல நிறுவனங்களில் சொத்துக் கணக்குகள் 1-இலும், தரவேண்டிய கடன்கள் 2-இலும், செலவுகள் 5 அல்லது 6-இலும் தொடங்கும். இது வழக்கம்தான், விதியல்ல.

இரண்டாவது கட்டத்தின் பெயர் செலவு மையம். அந்தச் செலவு எந்தத் துறை, எந்தக் கிளை, எந்தப் பிரிவுக்காக ஆனது என்பதை அது சொல்லும். பொதுவாக, செலவுக்குப் பதில் சொல்லவேண்டிய ஒருவர் இருக்கும் இடம்தான் செலவு மையம்.

இரண்டையும் சேர்த்தால் 6320-200 என்பது போல ஒரு குறியீடு கிடைக்கும். 6320 உபகரணப் பராமரிப்பு, 200 விற்பனைத் துறை.

சில நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'விற்பனைத் துறைப் பராமரிப்பு', 'நிர்வாகப் பராமரிப்பு' என்று தனித்தனிக் கணக்குகளைத் திறந்துவிடும். 40 வகைச் செலவும் 10 துறைகளும் இருந்தால் இப்படி 400 கணக்குகள் வேண்டியிருக்கும். தனித்தனியாக வைத்தால் 40-உம் 10-உம் சேர்ந்து 50 குறியீடுகள் போதும். 400-இல் சரியானதைத் தேடுபவர் சீக்கிரமே சலித்துப்போய், கைக்குப் பழகிய பத்துக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட ஆரம்பிப்பார்.

இதுவரை சொன்னது: என்ன செலவு என்பதைக் கணக்கு சொல்லும், யாருக்காக என்பதை மையம் சொல்லும். சப்ளையரின் பெயர் இரண்டுக்கும் பதிலல்ல.

## ஒரு பில்லை முழுதாகப் பார்ப்போம்

ஒரு நிறுவனம் அச்சும் நகலும் எடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்குகிறது. விற்பனைத் துறையும் நிர்வாகமும் அதைச் சேர்ந்து பயன்படுத்தும். அக்டோபர் முதல் தேதி இயந்திரம் வேலைக்கு வருகிறது. நிறுவனத்தின் கணக்கு வருடம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. சப்ளையரின் பில் இப்படி வருகிறது:

| எண் | விவரம் | தொகை |
|---|---|---|
| 1 | நகல் இயந்திரம் | 6,000 |
| 2 | கொண்டுவந்து நிறுவும் கட்டணம் | 300 |
| 3 | ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அக்டோபர் முதல் | 1,200 |
| 4 | டோனர், 10 × 60 | 600 |
| 5 | பயன்படுத்தும் முறைப் பயிற்சி | 200 |
| 6 | இயந்திரத்தின் மீது 5% தள்ளுபடி | −300 |
| | கூட்டுத்தொகை | 8,000 |
| 7 | வரி 10% | 800 |
| | செலுத்த வேண்டியது | 8,800 |

ஒரே சப்ளையர், ஒரே பில், எல்லாமே நகல் எடுப்பது தொடர்பானவை. முழுத்தொகையையும் 'அச்சு, எழுதுபொருள்' கணக்கில் தள்ளிவிட மனம் தூண்டும். ஆனால் இந்த ஏழு உருப்படிகளும் ஐந்து வெவ்வேறு கணக்குகளுக்குப் போகவேண்டியவை.

## இது செலவா, சொத்தா?

பில்லைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. வாங்கியது பல வருடங்கள் உழைக்கக்கூடியது என்றால் அது நிலையான சொத்து. அதன் விலை இன்றைய செலவாகாது. உழைக்கும் காலம் முழுவதற்கும் பங்கிட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதுவார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் தேய்மானம்.

இயந்திரம் ஐந்து வருடம் உழைக்கும் என்று நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே முதல் உருப்படி செலவுக் கணக்குக்குப் போகாமல், '1510 அலுவலக உபகரணம்' என்ற சொத்துக் கணக்குக்குப் போகும்.

இரண்டாவது உருப்படியான கொண்டுவந்து நிறுவும் கட்டணத்தில்தான் பலர் சறுக்குவார்கள். 'போக்குவரத்துச் செலவு' என்று ஒரு கணக்கு கண்முன்னே இருக்கும், கை தானாக அங்கே போகும். ஆனால் இயந்திரம் வந்து சேராமல், நிறுவப்படாமல் அதனால் ஒரு பக்கம்கூட அச்சடிக்க முடியாது. சொத்தை வேலைசெய்யும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவு அந்தச் சொத்தின் விலையில் சேரும். சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 16 சொல்வதும் இதுவே. ஆகவே 300-உம் 1510-க்குத்தான்.

இதே தர்க்கத்தில் பயிற்சிக் கட்டணத்தையும் சொத்தில் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்கக்கூடாது. பணியாளர் பயிற்சிக்கு ஆகும் தொகையை அதே தரநிலை சொத்தின் விலையிலிருந்து விலக்கி வைக்கிறது. பயிற்சி பெறுவது மனிதர்கள், அவர்கள் நாளை வேறு வேலைக்குப் போகலாம். பயிற்சி பெறாதவர் முன்னாலும் இயந்திரம் இயங்கும் நிலையில்தான் இருக்கும். எனவே 200, '6410 பணியாளர் பயிற்சி'.

ஆறாவது உருப்படியான தள்ளுபடியை 'இதர வருமானம்' என்று எழுதுபவர்களும் உண்டு. விலையில் குறைத்துக் கொடுத்தது வருமானமாகாது, விலை குறைந்ததாகத்தான் ஆகும். இந்த பில்லில் தள்ளுபடி இயந்திரத்துக்கு மட்டும் என்று தெளிவாக இருப்பதால் 1510-இல் கழித்துக்கொள்ளலாம். மொத்த பில்லுக்கும் தள்ளுபடி என்று இருந்தால், ஒவ்வொரு உருப்படியின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்துக் கழிக்க வேண்டும். ஆக இயந்திரத்தின் விலை 6,000 + 300 − 300 = 6,000.

விலை சிறியதாக இருந்தால்? பஞ்ச் பண்ணும் கருவியும் பல வருடம் உழைக்கும்தான். அதற்காக அதைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி ஐந்து வருடம் தேய்மானம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்புத்தொகையை வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் உடனடிச் செலவு. வரம்பு 500 என்று வைத்துக்கொண்டால், தலா 60 என்று 20 நாற்காலிகள் வாங்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒன்றைப் பார்த்தால் 60, மொத்தமாகப் பார்த்தால் 1,200. எதைப் பார்ப்பது என்று நிறுவனம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மாதிரி நாற்காலிகள் ஒரு வருடம் சொத்தாகவும் அடுத்த வருடம் செலவாகவும் பதிவாகும்.

## எந்தக் காலத்துக்கு உரியது?

மூன்றாவது உருப்படி பராமரிப்பு ஒப்பந்தம். '6320 உபகரணப் பராமரிப்பு' என்று ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் 1,200-ஐயும் இன்றே அங்கே எழுதக்கூடாது.

ஒப்பந்தம் அக்டோபரிலிருந்து அடுத்த செப்டம்பர் வரை. இந்த வருடத்துக்கு உரியது மூன்று மாதம் மட்டுமே. மீதி ஒன்பது மாதச் சேவை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் முழு 1,200-ஐயும் இப்போதைக்கு '1410 முன்செலுத்திய செலவு' என்ற கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். பணத்தைக் கொடுத்தாயிற்று, சேவை இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பதைக் காட்டும் கணக்கு அது. மாதக் கடைசியில் தலா 100 அங்கிருந்து எடுத்து 6320-க்கு மாற்றுவார்கள். டிசம்பர் முடியும்போது 300 செலவாகியிருக்கும், 900 மீதி இருக்கும்.

இதில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. பில்லில் 'பராமரிப்பு' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்து, காலம் குறிப்பிடப்படாமல் இருந்தால், அது ஒருமுறை பழுதுபார்த்ததா, ஓராண்டு ஒப்பந்தமா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தையோ கொள்முதல் ஆணையையோ எடுத்துப் பார்க்க வேண்டும். ஊகித்துப் போட்டதைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நான்காவது உருப்படி டோனர். பத்து டோனரும் இந்த வருடமே தீராமல் போகலாம். ஆனால் தொகை சிறியது. அதை இருப்புச் சரக்காக எண்ணி மாதாமாதம் கணக்கிடும் உழைப்பு, கிடைக்கும் துல்லியத்துக்குப் பெறாது. எனவே நேராக '6210 அச்சு, எழுதுபொருள்'.

இதுவரை: பல வருடம் உழைப்பது சொத்து, அதை வேலைக்குக் கொண்டுவர ஆனதும் சொத்து. இனிமேல் கிடைக்கவிருக்கும் சேவைக்குக் கொடுத்தது முன்செலுத்திய செலவு. மற்றவை இன்றைய செலவு.

## வரி எங்கே போகும்?

கொள்முதலில் கட்டிய வரியைத் தாங்கள் விற்பனையில் வசூலிக்கும் வரியோடு கழித்துக்கொள்ளும் உரிமை பல வரிமுறைகளில் நிறுவனங்களுக்கு உண்டு. அப்படி உரிமை இருந்தால் அந்த 800 செலவே அல்ல. அது வரித்துறையிடமிருந்து வரவேண்டியது. '1450 திரும்பப் பெறும் வரி' என்ற கணக்கில் நிற்கும்.

உரிமை இல்லையென்றால், 'வரிச் செலவு' என்று தனியாக ஒரு கணக்கில் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. திரும்பக் கிடைக்காத வரி, எந்தப் பொருளுக்குக் கட்டினோமோ அந்தப் பொருளின் விலையோடு சேர்ந்துவிடும். இயந்திரம் 6,600 ஆகும், டோனர் 660 ஆகும், பயிற்சி 220 ஆகும். நமது நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

## யாருக்காக? செலவு மையம் போடுவது

கணக்கு எண்ணைவிட மையத்தில்தான் வாக்குவாதம் அதிகம். தவறான பதில்கள் மூன்று வழக்கமாகக் காதில் விழும்: யார் ஆர்டர் கொடுத்தாரோ அவர் துறை, யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் துறை, யார் பட்ஜெட்டில் பணம் மிச்சமிருக்கிறதோ அந்தத் துறை. மூன்றாவது இருப்பதிலேயே மோசம். அது எல்லோருடைய அறிக்கையையும் ஒரே வீச்சில் பொய்யாக்கிவிடும்.

பொதுவான விதி, வாங்கியதை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் மையம். கணினித் துறை எல்லோருக்கும் மடிக்கணினி வாங்கித் தரலாம், விற்பனையாளர் கையில் இருக்கும் மடிக்கணினி விற்பனைத் துறைச் செலவுதான். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே பொதுச் செலவுகளை நிர்வாகத்திலேயே நிறுத்தி வைக்கும். அதுவும் சரியே. ஆனால் மாதத்துக்கு மாதம் முறை மாறக்கூடாது.

நமது இயந்திரத்தை இரண்டு துறைகள் பயன்படுத்துகின்றன: 100 நிர்வாகம், 200 விற்பனை. பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். தலைகளை எண்ணலாம், தரைப் பரப்பை அளக்கலாம். ஆனால் நகல் இயந்திரத்தின் செலவு உண்மையில் எடுத்த பக்கங்களைப் பொறுத்தது. இந்த வகை இயந்திரங்கள் பலவற்றில் துறைவாரியாகக் கடவு எண் கொடுத்து, யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று எண்ண முடியும். அந்தக் கணக்குப்படி விற்பனைக்கு 60%, நிர்வாகத்துக்கு 40% என்று முடிவாகிறது. இந்த விகிதத்தை எழுதி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றுவது நல்லது. மாதாமாதம் மாற்றினால், செலவு ஏறியதா விகிதம் மாறியதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

டோனருக்கும் அதே விகிதம்: விற்பனைக்கு 360, நிர்வாகத்துக்கு 240. பயிற்சியில் பக்கங்களுக்கு வேலையில்லை, வந்து உட்கார்ந்தவர்கள்தான் கணக்கு. பத்துப் பேர் வந்தார்கள், ஆறு பேர் விற்பனை, நான்கு பேர் நிர்வாகம். எனவே 120-உம் 80-உம். இங்கே இரண்டு அளவுகோல்களும் ஒரே விகிதத்தைத் தந்தது தற்செயல்.

சொத்துக் கணக்குக்கும் முன்செலுத்திய செலவுக்கும் பெரும்பாலும் மையம் போடுவதில்லை. அவை இன்னும் செலவாகவில்லை. ஆனால் மையத்தை மறந்துவிட முடியாது. சொத்துப் பதிவேட்டில் அந்த இயந்திரத்துக்கான அட்டையில் 60:40 என்று குறித்து வைக்க வேண்டும், முன்செலுத்திய செலவுப் பட்டியலிலும் அப்படியே. அங்கே தவறு நேர்ந்தால் அது ஒரு மாதத் தவறாக நிற்காது, தேய்மானம் எழுதும் 60 மாதமும் தானாகத் திரும்ப வரும்.

பிரிக்கும்போது ஒரு சிறு இடர். 100-ஐ மூன்று சமபங்காகப் பிரித்தால் 33.33 மூன்று முறை, மொத்தம் 99.99. மீதி 0.01-ஐ எப்போதும் கடைசிப் பங்கில் சேர்த்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பில்லின் மொத்தத்தோடு பதிவு ஒத்துப்போகாது. அந்த ஒரு காசு வித்தியாசத்தைத் தேடி அரை மணி நேரம் போகும்.

## பதிவு எப்படி இருக்கும்?

| கணக்கு | மையம் | பற்று | வரவு |
|---|---|---|---|
| 1510 அலுவலக உபகரணம் | – | 6,000 | |
| 1410 முன்செலுத்திய செலவு | – | 1,200 | |
| 6210 அச்சு, எழுதுபொருள் | 200 | 360 | |
| 6210 அச்சு, எழுதுபொருள் | 100 | 240 | |
| 6410 பணியாளர் பயிற்சி | 200 | 120 | |
| 6410 பணியாளர் பயிற்சி | 100 | 80 | |
| 1450 திரும்பப் பெறும் வரி | – | 800 | |
| 2100 சப்ளையருக்குத் தரவேண்டியது | – | | 8,800 |

பற்றுப் பக்கத்தைக் கூட்டினால் 8,800. சப்ளையரின் பெயர் வரும் ஒரே இடம் கடைசி உருப்படி.

## எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டிருந்தால்?

வரியை மட்டும் சரியாக ஒதுக்கிவிட்டு, மீதி 8,000-ஐயும் 6210-200-இல் போட்டதாக வைத்துக்கொள்வோம்.

சரியான பதிவின்படி இந்த வருடத்தின் மூன்று மாதத்துக்கு ஆகும் செலவு என்ன? 6,000-ஐ 60 மாதத்துக்குப் பங்கிட்டால் தேய்மானம் மாதம் 100, மூன்று மாதத்துக்கு 300. பராமரிப்பு 300. டோனர் 600. பயிற்சி 200. மொத்தம் 1,400. தவறான பதிவின்படி 8,000. லாபம் 6,600 குறைவாகத் தெரியும். அந்த 6,600 எங்கேயும் தொலையவில்லை. இயந்திரத்தின் மீதி மதிப்பு 5,700, பராமரிப்பின் மீதி 900. நிறுவனத்திடம் இருப்பவைதான், ஏட்டில் மட்டும் இல்லை.

துறைகளைப் பாருங்கள். 1,400-இல் விற்பனையின் உண்மையான பங்கு 840. அறிக்கை காட்டுவது 8,000. நிர்வாகத்தின் பங்கு 560, அறிக்கை காட்டுவது பூஜ்யம். விற்பனைத் துறைத் தலைவர் எழுதுபொருளை வீணடிக்கிறார் என்று கூட்டத்தில் கேள்வி வரும், பாவம், அவர் பேனாக்களை எண்ணத் தொடங்குவார்.

அடுத்த வருடம் இன்னும் விநோதம். அந்த வருடத்தில் இந்த பில்லிலிருந்து தேய்மானம் 1,200, பராமரிப்பு 900 என்று 2,100 செலவாக வரவேண்டும். வருவது பூஜ்யம். எழுதுபொருள் செலவைப் பெருமளவு குறைத்துவிட்டதாக அறிக்கை பெருமைப்படும். அதோடு, இயந்திரம் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லாததால், வருட முடிவில் சொத்துகளை எண்ணிச் சரிபார்க்கும்போது யாரும் அதைத் தேட மாட்டார்கள். காணாமல் போனாலும் ஏடு எதுவும் சொல்லாது.

## தவறு எந்த வழியாக நுழைகிறது?

பெரும்பாலும் மென்பொருளின் வசதி வழியாகத்தான். சப்ளையரின் விவரப் பக்கத்தில் 'இயல்புக் கணக்கு' என்று ஒன்றை அமைத்து வைக்கலாம். அவருடைய பில் வந்ததும் அந்த எண் தானாக நிரம்பிவிடும். மின்சாரம் மட்டுமே விற்கும் நிறுவனத்துக்கு இது அருமையான ஏற்பாடு. இயந்திரம், டோனர், சேவை எல்லாம் விற்கும் ஒருவருக்கு இது பொறி. அப்படிப்பட்ட சப்ளையர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே மேல். காலியாக இருந்தால் பதிபவர் யோசித்தாக வேண்டும்.

இரண்டாவது வழி கொள்முதல் ஆணை. பொருளைக் கேட்டு சப்ளையருக்கு அனுப்பும் அந்த ஆணையிலேயே கணக்கு எண்ணும் மையமும் போட்டிருப்பார்கள், பில் அதைப் பின்தொடரும். கொள்முதல் ஆணை, பொருள் வந்ததற்கான சீட்டு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தாயிற்று என்றால் கோடிங்கும் சரி என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஒப்பீடு பார்ப்பது அளவையும் விலையையும் மட்டுமே. ஆணையில் தவறான கணக்கு இருந்தால், ஒப்பீடு அத்தனையும் தேறி, தவறு பத்திரமாகப் பேரேட்டில் போய் உட்காரும். ஒப்புதல் கையெழுத்தும் அப்படித்தான். கையெழுத்திடுபவர் பெரும்பாலும் பார்ப்பது "இதை வாங்கினோமா, தொகை சரியா" என்பதைத்தான்.

மூன்றாவது, 'இதரச் செலவு' கணக்கும் அனாமத்துக் கணக்கும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அனாமத்து என்பது விவரம் தெரியாததைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடம், மாத முடிவுக்குள் காலியாக வேண்டும். இதரச் செலவு என்பது வேறு எந்தக் கணக்கிலும் பொருந்தாத சில்லறைகளுக்கான நிரந்தர இடம். புரியாத உருப்படியை இதரத்தில் போட்டால், அது அங்கேயே நிரந்தரமாகிவிடும். அனாமத்தில் போட்டால் குறைந்தபட்சம் யாராவது கேள்வி கேட்பார்கள். சந்தேகம் வந்தால் அனாமத்தே மேல் என்பேன், அதை மாதாமாதம் காலி செய்யும் ஒழுக்கம் இருக்கும்வரை.

## மாதக் கடைசியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா பில்களையும் மறுபடி திருப்பத் தேவையில்லை. சில இடங்களைப் பார்த்தாலே பெரும்பாலானவை பிடிபடும்.

பராமரிப்பு, எழுதுபொருள் கணக்குகளில் வரம்புத்தொகைக்கு மேற்பட்ட உருப்படிகளை மட்டும் பிரித்தெடுங்கள். நமது உதாரணத்தில் 500-க்கு மேற்பட்டவை. சொத்து ஒளிந்திருந்தால் அங்கேதான் இருக்கும். 6210-இல் 8,000 என்று ஒரு பதிவு முதல் ஆளாக வந்து நிற்கும்.

அடுத்து, முன்செலுத்திய செலவின் மீதி. இன்னும் முடியாத ஒப்பந்தங்களின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றிலும் மிச்சமுள்ள மாதங்களின் தொகையைக் கூட்டினால் அந்த மீதி வரவேண்டும். டிசம்பர் முடிவில் நமது ஒப்பந்தத்துக்கு 900 இருக்க வேண்டும். 1,200 இருந்தால் மாதாந்தர மாற்றத்தை யாரோ மறந்துவிட்டார்கள். 1,200-க்கும் மேல் இருந்தால், பட்டியலில் இல்லாத ஏதோ அங்கே நுழைந்திருக்கிறது.

பிறகு, கணக்கையும் மையத்தையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஓர் அட்டவணை. ஆளே இல்லாத கிடங்கு மையத்தில் பயிற்சிச் செலவு, எப்போதும் செலவு வரும் மையத்தில் திடீரென்று வெற்றுக் கட்டம், செலவுக் கணக்கில் எதிர்மறை மீதி. இவை எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும்.

## திருத்துவதும், திரும்பி வரும் பொருளும்

தவறு தெரிந்ததும் பழைய பில்லை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டாம். பணம் கொடுத்தாயிற்று என்றால், அழித்த பில்லோடு அந்தக் கொடுப்பனவின் தொடர்பும் அறுந்து, தீர்ந்துபோன பில் மறுபடி கொடுக்க வேண்டியதாகப் பட்டியலில் வந்து நிற்கலாம். அதற்குப் பதிலாக ஒரு மாற்றுப் பதிவு போதும். பயிற்சிக் கட்டணம் 200 தவறுதலாக 6320-100-இல் போயிருந்தால், 6410-200-இல் 120, 6410-100-இல் 80 பற்று வைத்து, 6320-100-இல் 200 வரவு வைக்க வேண்டும். விவரக் கட்டத்தில் பில் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். சப்ளையர் கணக்கைத் தொடவே வேண்டியதில்லை, அவருக்கும் இந்தத் தவறுக்கும் சம்பந்தமில்லை. அந்த மாதக் கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தால், திருத்தம் நடப்பு மாதத்தில் வரும். கடந்த வருடத்துப் பெரிய தொகை என்றால் தணிக்கையாளரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

பொருள் திரும்பிப் போனாலும் இதே கவனம் வேண்டும். விற்பனைத் துறைக்கு வந்த டோனரில் இரண்டு பழுது. சப்ளையர் அவற்றைத் திரும்பப் பெற்று, நாம் தரவேண்டியதில் 132 குறைத்ததாகச் சொல்லும் சீட்டான கிரெடிட் நோட்டை அனுப்புகிறார். 120 பொருளுக்கு, 12 வரிக்கு. பணம் திரும்பி வருவதால் 'இதர வருமானம்' என்று எழுதத் தோன்றும். எழுதினால், திரும்பிப்போன டோனருக்கான செலவு விற்பனைத் துறையின் தலையிலேயே நிற்கும், உழைக்காத வருமானம் ஒன்று இன்னொரு பக்கம் முளைக்கும். கிரெடிட் நோட் எப்போதும் மூல உருப்படி போன அதே வழியில் திரும்ப வேண்டும்: 2100-இல் 132 பற்று, 6210-200-இல் 120 வரவு, 1450-இல் 12 வரவு. மூல பில்லை 60:40 என்று பிரித்திருந்தாலும், திரும்பிய இரண்டும் விற்பனைத் துறைக்கென்று கொடுத்தவை என்பதால் இந்த 120-ஐப் பிரிக்கக் கூடாது. எந்தத் துறைக்குக் கொடுத்தது என்று தெரியாவிட்டால் மட்டும், மூல விகிதப்படி 72-உம் 48-உம்.